கையெழுத்தின் விலை: நீலகிரி அடுக்ககங்களில் மாற்றுக் கட்டணமும் துணைவிதிகளும்

1. கேள்வி

குன்னூரில் ஓர் அடுக்கக வீடு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஆயிரம் சதுர அடி, பேசி முடித்த விலை 60 லட்சம். விற்பவர் சென்னையில் இருக்கிறார், வாங்குபவர் கோவைக்காரர். முன்பணம் கைமாறி, வங்கியில் கடனும் ஒப்புதலாகி, கிரயத்துக்கு நாள் குறித்த பிறகு வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. சதுர அடிக்கு 150 ரூபாய் வீதம் ஒன்றரை லட்சம் ரூபாய் மாற்றுக் கட்டணம் கட்டினால்தான் தடையில்லாச் சான்று தர முடியும் என்கிறது அது. வங்கியோ அந்தச் சான்றைக் கேட்கிறது. வீட்டுச் சாமான் ஏற்றிய லாரியை வாயிலுக்குள் விடக் காவலாளிக்கும் சங்கச் செயலாளரின் சொல் வேண்டும்.

இது எந்த ஒரு வளாகத்தின் கதையும் அல்ல. கணக்குப் பார்ப்பதற்காக நான் வைத்துக்கொண்ட உருவம். ஆனால் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு வாங்கி விற்றவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இருக்காது. இந்தப் பேரத்தில் இரு தரப்பும் ஆளுக்கொரு வாக்கியத்தைச் சட்டம் என்று நம்பிச் சொல்கின்றன. சங்கம், “எங்கள் பைலாவில் இருக்கிறது, உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது” என்கிறது. விற்பவர், “25,000 ரூபாய்க்கு மேல் வாங்கவே கூடாது, தெரியுமா?” என்கிறார்.

இரண்டு வாக்கியங்களும் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தவை. அவை மலையேறி வந்தபோது தங்களுக்குப் பொருள் கொடுத்த சட்டத்தைக் கீழேயே விட்டுவிட்டு வந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். மகாராஷ்டிரத்தின் உச்சவரம்பு நீலகிரியில் விற்பவரைக் காப்பாற்றாது. மகாராஷ்டிரத்தின் வழக்கமும் நீலகிரிச் சங்கத்துக்கு அதிகாரம் தராது. இரண்டையும் விலக்கிய பிறகு மிஞ்சுவது என்ன என்பதே கேள்வி.

2. பம்பாயில் பிறந்த கட்டணம்

மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்பது பராமரிப்புக் குழு அல்ல. நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருப்பதே அங்கு பொதுவான முறை. குடியிருப்பவர் சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் உறுப்பினர். அந்தப் பங்கோடு ஒட்டி வருவது குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமை. எனவே வீட்டை விற்பதென்றால் பங்குச் சான்றிதழில் பெயர் மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யக்கூடியது சங்கம் மட்டுமே. மாற்றுக் கட்டணம் என்ற சொல்லுக்கு அங்கே நேரடியான பொருள் உண்டு: சங்கத்தின் ஏட்டில் ஒன்று உண்மையாகவே மாறுகிறது.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சங்கங்கள் பெருந்தொகை கேட்கத் தொடங்கின. விற்பனை விலையில் விழுக்காடு, கட்டட நிதி, நன்கொடை என்று பெயர்கள் பலவாயின. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960 இன் 79அ பிரிவு பொதுநலன் கருதிச் சங்கங்களுக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதன்கீழ் 9 ஆகஸ்ட் 2001 அன்று வந்த அரசாணைதான் புகழ்பெற்ற 25,000 ரூபாயின் மூலம். மாநகராட்சிப் பகுதிகளில் மாற்றுப் பிரீமியம் அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. உள்ளாட்சி அமைப்பு சிறியதாகச் சிறியதாக வரம்பும் இறங்கும். கிராமப் பஞ்சாயத்தில் அது 5,000 ரூபாய்தான்.

அம்மாநில மாதிரித் துணைவிதிகள் இதை இன்னும் இறுக்கின. மாற்றுக் கட்டணம் 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், அவற்றுக்கு மேல் பொதுக்குழு முடிவு செய்யும் பிரீமியம், அதுவும் அரசு வரம்புக்குள். குடும்பத்தாருக்கோ சட்ட வாரிசுக்கோ நியமனதாரருக்கோ மாறும்போது பிரீமியமே கிடையாது. நன்கொடை என்றோ வேறு நிதிக்கான பங்களிப்பு என்றோ வேறெந்தச் சாக்கிலோ கூடுதல் பணம் வாங்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. ‘வேறெந்தச் சாக்கிலும்’ என்று ஓர் அரசு எழுத வேண்டியிருந்தது என்பதே, அதற்கு முன் எத்தனை சாக்குகள் புழங்கின என்பதற்குச் சான்று.

கவனிக்க வேண்டியது இதுதான். இந்த வரம்பு ஒரு குறிப்பிட்ட மாநிலச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவின்கீழ், அச்சட்டத்தில் பதிவான குடியிருப்புச் சங்கங்களுக்கு இடப்பட்ட ஆணை. தமிழ்நாட்டில் அதற்கு எந்தச் செல்லுபடியும் இல்லை. குன்னூரில் 25,000 என்ற எண்ணை எடுத்து வீசுகிறவர், தமக்கே பாதகமான பேரத்துக்கும் வழி திறக்கிறார். “சரி, அந்த 25,000-ஐயாவது கட்டுங்கள்” என்று சங்கம் மடக்கினால் அவரிடம் பதில் இருக்காது. கொடுக்கத் தேவையே இல்லாத தொகையாகவும் அது இருந்திருக்கலாம்.

3. ஒரு தீர்ப்பும் அதன் தவறான வாசிப்பும்

சங்கத் தரப்பு மேற்கோள் காட்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் 12 மார்ச் 2018 அன்று வந்த வெங்கடேஷ் பிரமிசஸ் கூட்டுறவுச் சங்க வழக்கின் தீர்ப்பாக இருக்கும். அதைப் படிக்குமுன் எதிர்த்தரப்பு யார் என்று பார்ப்பது நல்லது. வழக்காடியது வீட்டை விற்றவர் அல்ல, வருமான வரித் துறை.

அங்கு எழுந்த கேள்வி, சங்கம் மாற்றுக் கட்டணமாகவும் பிறவகையிலும் வாங்கிய பணம் வருமானமா, அதற்கு வரி உண்டா என்பது. உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டித் தங்களுக்கே செலவிடும் பணம் இலாபம் ஆகாது என்ற பரஸ்பரத் தத்துவத்தின்படி வரி இல்லை என்றது நீதிமன்றம். உறுப்பினராகப் போகிறவர் கொடுத்தாலும், சேர்ந்தபிறகே சங்கம் அதை எடுத்துக்கொள்வதால் தத்துவம் மாறாது என்றும் கண்டது. வணிக வளாகச் சங்கங்களுக்கு 2001 ஆணையின் வரம்பு பொருந்தாது என்றும் சொன்னது.

ஆக, ஒரு பணத்துக்கு வரி இல்லை என்று சொல்வதும், அந்தப் பணத்தைக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று சொல்வதும் வெவ்வேறு. முன்னதுதான் தீர்ப்பில் இருக்கிறது. சொல்லப்போனால் இந்தத் தீர்ப்புவழி விற்பவருக்கும் ஓர் ஆயுதத்தை வைத்திருக்கிறது. இதற்கு முன்னோடியான, புனேயின் சிந்து கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2009-இல் ஒரு குறிப்பைச் சேர்த்தது. அனுமதிக்கப்பட்டதற்கு மேல் வற்புறுத்தி வாங்கிய பணத்தை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72 ஆவது பிரிவை எண்ணிப் பார்த்துத் திருப்ப வேண்டியிருக்கும் என்பது அது. உச்ச நீதிமன்றமும் வரம்புக்கு மீறியது திருப்பித் தரத்தக்கது என்ற நிலையையே எடுத்தது. 2001 ஆணை மகாராஷ்டிரத்துக்கு மட்டும் உரியது. ஒப்பந்தச் சட்டமோ நீலகிரிக்கும் உரியது. கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்புவேன்.

4. மலையில் எது யாருக்குச் சொந்தம்

தமிழ்நாட்டில் அடுக்கக வீடு வாங்குபவர் பத்திரத்தில் பெறுவது நிலத்தின் பிரிபடாத பாகம், பேச்சுவழக்கில் யு.டி.எஸ். அதனோடு கட்டடத்தில் தம் வீடு. இரண்டும் அவர் பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகின்றன. 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரயம் பதிவுப் பத்திரத்தால் நடக்கும். பதிவானதும் உரிமை மாறிவிடும். இதில் சங்கத்துக்கு எந்தப் படியிலும் இடமில்லை. அது விற்பவரும் அல்ல, ஒப்புதல் தருபவரும் அல்ல. நிலத்தின் ஓர் அங்குலம்கூடப் பெரும்பாலும் அதன் பெயரில் இராது. கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்யச் சங்கத்தின் தடையில்லாச் சான்று சட்டப்படி தேவையான ஆவணமும் அல்ல. அதைக் கேட்பது வங்கி; கேட்கச் சொன்னது வங்கியின் வழக்கம்.

1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், அதற்கு மாற்றாக 2022-இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் வீட்டைத் தனிச் சொத்தாகப் பார்க்கும் எண்ணத்தின் மேல் கட்டப்பட்டவை. பொதுச் செலவில் ஒவ்வொருவரும் தம் பாகத்தின் அளவில் பங்கேற்க வேண்டும் என்பதே அவற்றில் சங்கத்துக்குள்ள பிடிமானம். அது பொதுச் செலவுக்கான பிடிமானம்தான். விற்பனை விலையில் பங்கு கேட்கும் உரிமை அன்று.

ஆனால் இங்குள்ள பல சங்கங்கள் 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அந்தச் சட்டம் வாசகர் வட்டத்துக்கும் விளையாட்டு மன்றத்துக்கும் பொருந்தும் சட்டம். ‘சொசைட்டி’ என்ற ஒரே சொல் மும்பையில் கட்டடத்தின் உடைமையாளரையும் உதகையில் பராமரிப்பு மன்றத்தையும் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. நீலகிரிக்காரர்களுக்கு உண்மையான கூட்டுறவு தெரியாததல்ல. குந்தாவில் 1962-இல் தொடங்கிய தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் வழியில் வந்த இன்ட்கோ ஆலைகளில் சிறு விவசாயிகள் பங்கு வைத்திருக்கிறார்கள். ஆலை உறுப்பினர்களுக்குச் சொந்தம். அங்கே சங்கத்திடம் கொடுக்கவும் மாற்றவும் ஒரு பொருள் இருக்கிறது. அடுக்ககச் சங்கத்திடம் இருப்பது ஒரு கையெழுத்து மட்டுமே. தமிழ்நாட்டின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள்கூடப் பெரும்பாலும் கடன் கொடுப்பதற்கும் மனை பிரித்து விற்பதற்கும் ஏற்பட்டவை. மும்பை வகை உடைமைச் சங்கங்களாக அவை வளரவில்லை.

5. துணைவிதி யாரைக் கட்டும்

இனி, “எங்கள் பைலாவில் இருக்கிறது” என்ற வாக்கியத்துக்கு வரலாம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. துணைவிதி என்பது சட்டம் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1969-இல் கூட்டுறவு மத்திய வங்கி வழக்கிலேயே தெளிவாக்கியது. அது ஒரு நிறுவனத்தின் அமைப்பு விதிகளைப் போன்றது, உறுப்பினர்களுக்குள் ஏற்பட்ட ஏற்பாடு. ஏற்பாடு என்பதாலேயே அதற்கு ஒப்பந்தத்தின் வலுவும் உண்டு. 2005-இல் அகமதாபாத்தின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் துணைவிதியை நீதிமன்றம் ஏற்றது இந்த அடிப்படையில்தான். விதியைத் தெரிந்து உள்ளே வந்தவர் பிறகு அது தம்மைக் கட்டாது என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தம் என்று ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தின் எல்லைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் எல்லை, அது அதில் சேர்ந்தவரை மட்டுமே கட்டும். விற்பவர் உறுப்பினர்; அவரைக் கட்டலாம். வாங்குபவர் கிரயம் முடிந்து உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடும்வரை சங்கத்துக்கு வெளியாள். அவரிடம் ‘துணைவிதிப்படி’ பணம் கேட்பது, விருந்துக்கே வராதவரிடம் மொய் கேட்பது போல.

இரண்டாவது எல்லை, எது துணைவிதி என்பது. பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஏடு மட்டுமே துணைவிதி. 1975 சட்டப்படி அதைத் திருத்தப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். திருத்தம் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகவும் வேண்டும். செயற்குழுவின் ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருடன் எடுத்த முடிவு துணைவிதி ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் தூக்கிய எண்ணிக்கையும் ஆகாது. நடைமுறையில் மாற்றுக் கட்டணத் தகராறுகள் சட்டத்தின் நுட்பத்தில் அல்ல, இந்த இடத்தில்தான் பெரும்பாலும் அவிழ்கின்றன என்பது என் எண்ணம்.

மூன்றாவது, விதியின் சொற்கள். பல துணைவிதிகளில் “செயற்குழு அவ்வப்போது தீர்மானிக்கும் கட்டணங்களை உறுப்பினர் செலுத்த வேண்டும்” என்பது போன்ற தளர்வான வரி இருக்கும். சங்கம் அதைக் காட்டும். இந்த வரி வெற்றுக் காசோலை அல்ல. சங்கத்தின் நோக்கம் பராமரிப்பு என்று அதன் குறிப்பாணையே சொல்லும்போது, வீட்டின் விலையையோ பரப்பையோ வைத்துக் கணக்கிட்ட பெருந்தொகைக்கும் பராமரிப்புக்கும் என்ன தொடர்பு என்று சங்கம் காட்ட வேண்டியிருக்கும். பேரேட்டில் பெயர் மாற்றுவதற்கான செலவு ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் இரண்டாயிரம் சதுர அடி வீட்டுக்கும் ஒன்றுதான். இது என் வாசிப்பு; எதிர்வாசிப்பும் சாத்தியமே. தொகையும் கணக்கிடும் முறையும் விற்பவர் வீடு வாங்குமுன்பே பதிவான துணைவிதியில் எழுதப்பட்டிருந்தால், அவர் நிலை உண்மையிலேயே பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கிளைச் செய்தி. சில வளாகங்களில் இந்தக் கடப்பாடு துணைவிதியில் இராது. கட்டுநர் முதன்முதலில் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தின் நிபந்தனைகளில், “மறுவிற்பனையின்போது இவ்வளவு செலுத்துவேன்” என்று இருக்கும். அது துணைவிதியைவிட வலுவான பிடி, ஏனெனில் வாங்கியவர் தாமே கையெழுத்திட்டது. ஆனால் பணம் கொடுப்பதாகச் சொன்ன உறுதி, பொதுவாக நிலத்தோடு அடுத்தவர் தலைக்கு ஓடாது. நிலப் பயன்பாட்டைத் தடுக்கும் உறுதிகளே அப்படி ஓடக்கூடியவை. ஆகவே சங்கத்தின் ஏட்டைப் பார்க்குமுன் தம் சொந்தப் பத்திரத்தின் பின்பக்கங்களை விற்பவர் ஒருமுறை படிப்பது நல்லது.

6. குன்னூர்க் கணக்கு

தொடக்கத்தில் பார்த்த வீட்டுக்குத் திரும்புவோம். சான்றுக்காகக் கட்ட வேண்டியது மொத்தம் எவ்வளவு என்று விற்பவர் சங்கத்திடம் பட்டியல் கேட்கிறார். பதில் இப்படி வருகிறது என்று கொள்வோம்: மூன்று மாதப் பராமரிப்பு நிலுவை, மாதம் 4,000 வீதம் 12,000 ரூபாய், புதிய உறுப்பினர் நுழைவுக் கட்டணம் 1,000, மாற்றுக் கட்டணம் ஒன்றரை லட்சம், கார்ப்பஸ் நிதி 50,000. மொத்தம் 2,13,000.

இவற்றில் நிலுவை பேச்சுக்கே இடமில்லாமல் கட்ட வேண்டியது. அதைக் கட்டாமல் மற்றதை எதிர்ப்பவர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். சான்றை நிறுத்தி வைக்கச் சங்கத்துக்கு உண்மையான காரணம் கிடைத்துவிடும். நுழைவுக் கட்டணம் பதிவான துணைவிதியில் அதே தொகையில் இருந்தால் வாங்குபவர் உறுப்பினராகும்போது கட்டுவார்.

கார்ப்பஸ்தான் சுவாரசியமானது. கட்டடம் முடிந்தபோது முதல் உரிமையாளர் ஒவ்வொருவரும் கட்டிய தொகை அது. பெரும் பழுதுக்காக வங்கியில் வைப்பாக இருக்கும். வீடு விற்கும்போது அந்தப் பங்கு வீட்டோடு போகும். விற்பவர் அதை விலையில் சேர்த்து வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்வதே முறை. புதியவரிடம் மறுபடி 50,000 கேட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டாவது முறை கார்ப்பஸ் வாங்குவதாகும். மூன்று முறை கைமாறிய வீடு நான்கு பங்கு கட்டியிருக்கும்; ஒருமுறையும் கைமாறாத பக்கத்து வீடு ஒரு பங்குதான். கூரை ஒழுகும்போது இருவருக்கும் ஒரே கூரை. சங்கத்தின் தணிக்கை அறிக்கையில் இந்த வீட்டின் பெயரில் ஏற்கெனவே கார்ப்பஸ் வரவு இருக்கிறதா என்று பார்த்தால் விடை ஒரே வரியில் கிடைக்கும்.

எஞ்சியது ஒன்றரை லட்சம். விற்பவர் சங்கத்திடம் மூன்று தாள்களை எழுத்தில் கேட்க வேண்டும்: பதிவுச் சான்றிதழ், பதிவான துணைவிதியில் குறிப்பிட்ட விதி, அந்தத் தொகையை முடிவு செய்த பொதுக்குழுத் தீர்மானம். சங்கம் தராவிட்டால் உதகையிலுள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணைவிதியின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். சங்கம் நேரடியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வராமல் போகலாம். பதிவாளர் அலுவலகம் வரும். பதிவாளர் தம் அதிகாரத்தில் பெறக்கூடிய தகவலைக் கேட்டுப் பெறலாம் என்ற வழியை 2013 ஆம் ஆண்டின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது.

நகல் வந்ததும் மூன்றில் ஒன்று தெரியவரும். பதிவான ஏட்டில் மாற்றுக் கட்டணம் என்ற சொல்லே இல்லை என்றால் கோரிக்கைக்குக் காலே இல்லை. தளர்வான வரி மட்டும் இருந்து, தீர்மானம் செயற்குழுவுடையது என்றால், எழுத்தில் எதிர்க்கப் போதுமான இடம் இருக்கிறது. தொகையும் முறையும் விற்பவர் வாங்கிய தேதிக்கு முன்பே பதிவாகியிருந்தால், குறைத்துப் பேசுவதே விவேகம். இரண்டாவது வகையில் தேதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தீர்மானம் இந்த விற்பனை பேசத் தொடங்கிய பிறகு எழுதப்பட்டதா, இதற்குமுன் விற்ற வீடுகளிடம் இதே விகிதம் வாங்கப்பட்டதா என்பதைத் தணிக்கைக் கணக்கின் வரவுப் பகுதி சொல்லிவிடும்.

7. சங்கத்தின் தரப்பு

இவ்வளவையும் சொன்னபின், சங்கத்தை வெறும் வழிப்பறிக்காரராக வரைவது நேர்மை ஆகாது. மலையில் ஓர் அடுக்ககத்தைக் காப்பது சமவெளியில் காப்பது போன்றதல்ல. கட்டட உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்ற மலைப்பகுதி விதியால் இங்கே வளாகங்கள் மேலே வளராமல் சரிவில் பரவுகின்றன. வீடுகள் குறைவு, தடுப்புச் சுவரும் வடிகாலும் படிப்பாதையும் அதிகம். சென்னையில் நூறு வீடுகள் பகிரும் செலவை இங்கே இருபது முப்பது வீடுகள் பகிர வேண்டும். 2009 நவம்பரில் மலைச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும், 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் பார்த்தவர்களுக்குத் தடுப்புச் சுவர் ஆடம்பரம் அல்ல. ஒரு சுவரைத் திரும்பக் கட்டும் செலவு மாதப் பராமரிப்பில் அடங்காது.

கூடவே, உரிமையாளர்களில் பலர் ஆண்டுக்குச் சில வாரங்கள் வந்து போகிறவர்கள். பொதுக்குழுவுக்கு வரமாட்டார்கள், சிறப்புத் தண்டலுக்குப் பதில் எழுதமாட்டார்கள். செயலாளரின் கைக்கு அவர்கள் எட்டுவது வீட்டை விற்க வரும் அந்த ஒரே நாளில்தான். மாற்றுக் கட்டணம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு, பேராசையைவிட இது பொருத்தமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

ஆனால் காரணம் நியாயமாக இருப்பதால் வழியும் நியாயமாகிவிடாது. சுவர் எல்லாருக்கும் பொது. அதன் செலவைப் பிரிபடாத பாகத்தின் அளவில் எல்லாரிடமும் தண்ட வேண்டும், தராதவர்மேல் நிலுவை வழக்குப் போட வேண்டும். அதைச் செய்யத் தயங்கி, ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடம் வசூலிப்பது வசதியாக இருக்கிறது. இனி அவர் பொதுக்குழுவில் வந்து கேள்வி கேட்கமாட்டார் அல்லவா?

8. கொடுத்துவிட்ட பணம்

சட்டம் எப்படியிருந்தாலும் கிரய நாள் காத்திராது. வங்கியின் கடன் ஒப்புதலுக்குக் கெடு இருக்கிறது. வாங்குபவர் பின்வாங்கினால் இழப்பு ஒன்றரை லட்சத்தைவிடப் பெரிது. முதலில், வங்கியிடம் பேசிப் பார்க்க வேண்டும்: நிலுவை இல்லை என்று சங்கம் எழுதித் தரும் ஒற்றை வரியையோ கடைசிப் பராமரிப்பு ரசீதையோ சில வங்கிகள் ஏற்கும். அது நடக்காதபோது பலர் கட்டிவிடுகிறார்கள். கட்டியதோடு கதை முடிந்தது என்று நினைக்கவும் செய்கிறார்கள்.

இங்கேதான் ஒப்பந்தச் சட்டத்தின் 72 ஆவது பிரிவு வருகிறது. தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. வற்புறுத்தல் என்றதும் கத்தி காட்டி மிரட்டியிருக்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். இப்பிரிவில் அந்தச் சொல்லை அதன் இயல்பான பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று 1913-இல் பிரிவி கவுன்சில் சேத் கன்னையா லால் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே கன்னையா லால், தம் சொத்தை ஒரு வங்கியின் முறையற்ற ஜப்தியிலிருந்து மீட்பதற்காக எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுப் பணம் கட்டியிருந்தார். தடையில்லாச் சான்றுக்காகக் கட்டப்படும் பணம் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

எல்லாம் கட்டும் முறையைப் பொறுத்தது. ரொக்கமாகக் கொடுத்தால் தடயம் இல்லை. ரசீதில் ‘நன்கொடை’ என்றோ ‘விருப்பப் பங்களிப்பு’ என்றோ எழுதவிட்டால், மனமுவந்து கொடுத்தது என்று கையெழுத்திட்டது போலாகும். பின்னால் வற்புறுத்தல் என்று பேச வாயிருக்காது. வங்கிவழி அனுப்பி, அதே நாளில், “எந்த விதியின்கீழ் என்று கேட்டதற்குப் பதில் இல்லாத நிலையில், கிரயம் தடைப்படாதிருக்க, என் உரிமைகளுக்குக் குந்தகமின்றி எதிர்ப்புடன் செலுத்துகிறேன்” என்று மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுத வேண்டும். ரசீதில் மாற்றுக் கட்டணம் என்ற சொல்லே இருக்க வேண்டும்.

அதன்பின் இரண்டு வழிகள். சங்கத்தின் நிர்வாகமும் நிதிநிலையும் பற்றி விசாரிக்கும் அதிகாரம் 1975 சட்டத்தின் 36 ஆவது பிரிவில் பதிவாளருக்கு உண்டு. பதிவாகாத விதியைக் காட்டிப் பணம் தண்டப்படுகிறது என்ற புகார் அங்கே எடுபடக்கூடியது. ஆனால் பதிவாளர் நீதிமன்றம் அல்ல; உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையிலான பணத் தகராறைத் தீர்த்துத் தொகையைத் திருப்பித் தரச் சொல்வது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. அதற்கு மூன்று ஆண்டு கெடு. வழக்குச் செலவையும் அலைச்சலையும் கணக்கிட்டால் ஒன்றரை லட்சத்துக்காக மலையேறி இறங்குவது எல்லாருக்கும் கட்டாது. சங்கங்களின் உண்மையான பலம் துணைவிதியில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எனவே விற்பவரைவிட வாங்குபவருக்கே இந்த விசாரணை எளிது, அதுவும் முன்பணம் கொடுக்கும் முன். வில்லங்கச் சான்று எடுக்கும் வாரத்திலேயே உதகையில் அந்தச் சங்கத்தின் துணைவிதி நகலுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மாற்றுக் கட்டணம் பதிவாகியிருந்தால் அதை யார் கட்டுவது என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாளை நீங்களும் அந்த வீட்டை விற்பீர்கள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடுமுன் அந்த ஏட்டைப் படிக்க உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான்.